கூட்டு விளைவை அறிக்கையிடுவது எப்படி: ஒவ்வொரு கூறையும் தனியே காட்டும் முழுமையான வழிகாட்டி

மருந்து ஆய்வுகளில் 'காம்போசிட் எண்ட்பாயிண்ட்' என்பார்கள். மரணம், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பல நிகழ்வுகளை ஒரே கூடையில் போட்டு, இவற்றில் எது முதலில் வந்தாலும் அதை ஒரு நிகழ்வாக எண்ணுவது. இங்கே அதைக் கூட்டு விளைவு என்றும், கூடைக்குள் இருப்பவற்றைக் கூறுகள் என்றும் அழைப்போம்.

சிக்கல் கூடையைக் கட்டுவதில் வருவது குறைவு. முடிவை எழுதும்போதுதான் பெரும்பாலும் வருகிறது. "இந்த மருந்து சர்க்கரை நோய் அல்லது மரணத்தை 60% குறைத்தது" என்று படிப்பவர், மரணமும் 60% குறைந்தது என்றே எடுத்துக்கொள்வார். அந்த வாசகம் இலக்கணப்படி சரி, கணக்குப்படியும் சரி, ஆனாலும் ஏமாற்றும். அப்படி ஆகாமல் எழுத எந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை, வெளியான இரண்டு ஆய்வுகளின் எண்களை வைத்துப் பார்ப்போம்.

முதன்மை உதாரணம் 2006-இல் வெளியான 'ட்ரீம்' ஆய்வு. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 5269 பேரில் 2635 பேருக்கு ரோசிக்ளிட்டசோன், 2634 பேருக்கு பிளாசிபோ. இடைநிலைக் கண்காணிப்புக் காலம் மூன்று ஆண்டுகள். முதன்மை விளைவு: புதிதாகச் சர்க்கரை நோய் வருதல் அல்லது மரணம். மருந்துக் குழுவில் 306 பேருக்கும் பிளாசிபோ குழுவில் 686 பேருக்கும் இது நிகழ்ந்தது. ஹசார்ட் விகிதம் 0.40, அதாவது 60% குறைவு; 95% நம்பிக்கை இடைவெளி 0.35 முதல் 0.46 வரை.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று பொருட்கள் இல்லாமல் உட்காராதீர்கள்.

முதலாவது, ஆய்வு தொடங்கும் முன் பதிவுசெய்த புரோட்டோகால். சி.டி.ஆர்.ஐ. போன்ற பதிவகத்தில் ஏற்றிய விளைவின் வரையறையும் புரோட்டோகாலில் உள்ளதும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பதிவகத்தில் 'மரணம்' என்றும், கட்டுரையில் 'இதயநோய் மரணம்' என்றும் இருந்தால் அவை இரண்டும் வேறு வேறு விளைவுகள். நடுவில் ஒரு கூறு சேர்ந்திருந்தாலோ கழன்றிருந்தாலோ, எந்தத் தேதியில், முடிவுகளைப் பார்க்கும் முன்பா பின்பா என்பதைக் கட்டுரையில் எழுதியாக வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கூறும் நிகழ்ந்த தேதியைத் தனித்தனி நெடுவரிசையில் வைத்திருக்கும் தரவு. 'முதல் நிகழ்வின் தேதி', 'அதன் வகை' என்று இரண்டே நெடுவரிசைகள் உள்ள கோப்பு போதாது. ஏன் என்பது 3-ஆம் படியில் விளங்கும்.

மூன்றாவது, நிகழ்வு சரிபார்ப்புக் குழுவின் இறுதித் தீர்ப்பு. மருத்துவமனை 'மாரடைப்பு' என்று எழுதி அனுப்பியதைக் குழு 'இல்லை' என்று தள்ளியிருக்கலாம். கூட்டு விளைவுக்குக் குழுவின் தீர்ப்பையும், கூறுகளுக்கு மருத்துவமனைப் பதிவையும் எடுத்துவிட்டால் இரண்டு எண்ணிக்கைகளும் ஒருநாளும் ஒத்துவராது. புதியவர்கள் இரவெல்லாம் தேடும் பிழைகளில் இது ஒன்று.

## 2. ஒவ்வொரு கூறும் ஏன் கூடைக்குள் வந்தது என்று எழுதுங்கள்

இதை முடிவுகள் பகுதிக்கு முன்பே, முறைகள் பகுதியில் எழுதுங்கள். ஒரு கூறுக்கு இரண்டு வரி போதும். கூறுகளின் எடை ஒன்றா, வேறா என்பது காரணத்தைப் படித்தால்தான் வாசகருக்குப் புரியும்.

ட்ரீம் போன்ற ஆய்வில் மரணத்தைச் சேர்ப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. இறந்துபோனவருக்குச் சர்க்கரை நோய் வந்ததா என்று இனிப் பரிசோதிக்க முடியாது. மருந்தால் மரணம் கூடினால், சர்க்கரை நோய் வரக்கூடியவர்களே குறைந்து, மருந்து சர்க்கரை நோயைத் தடுத்ததுபோல் தோன்றிவிடும். மரணத்தையும் எண்ணினால் அந்த ஓட்டை அடைபடும். அதாவது இங்கே மரணம் காவலுக்காக வைத்த கூறு. மருந்து மரணத்தைக் குறைக்கும் என்று நிறுவுவதற்காகச் சேர்க்கப்பட்டது என்று வாசகர் எண்ணிவிடக் கூடாது. இந்தக் காரணத்தை எழுதிவிட்டால், பின்னால் 60% என்ற எண் வரும்போது வாசகர் அதை எங்கே பொருத்த வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.

நிகழ்வுகள் போதவில்லை, கூடையைப் பெரிதாக்கினால் குறைந்த ஆட்களோடு ஆய்வை முடிக்கலாம் என்பதுதான் உண்மைக் காரணம் என்றால், அதையும் அப்படியே எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மறைத்தால்தான் சிக்கல்.

'சாவில் முடியாத' என்ற அடைமொழியை இந்தப் படியிலேயே கவனியுங்கள். கூட்டு விளைவில் மரணமும் 'சாவில் முடியாத பக்கவாதமும்' தனித்தனிக் கூறுகளாக இருந்தால், பக்கவாதத்தால் இறந்தவர் பக்கவாத வரிசையில் இருந்து காணாமல் போய்விடுவார். கற்பனையாக ஒரு கணக்கு: மருந்துக் குழுவில் 100 பக்கவாதம், அதில் 40 பேர் இறந்தார்கள், பிளாசிபோவில் 90 பக்கவாதம், 20 பேர் இறந்தார்கள். சாவில் முடியாதவை 60-க்கு 70. மருந்து நல்லதுபோல் தெரிகிறது. உண்மையில் மருந்துக் குழுவில்தான் பக்கவாதமும் அதிகம், சாவும் அதிகம். எனவே கூட்டு விளைவின் வரையறை எப்படி இருந்தாலும், கூறுகளைக் காட்டும்போது 'சாவில் முடிந்தவை, முடியாதவை சேர்த்து மொத்தப் பக்கவாதம்' என்ற வரிசையைக் கட்டாயம் சேருங்கள்.

## 3. தரவை அமையுங்கள்: முதல் நிகழ்வோடு நிறுத்தாதீர்கள்

கூட்டு விளைவுக்கு ஒருவரின் முதல் நிகழ்வு மட்டும் போதும். கூறுகளுக்கு அது போதாது. இரண்டாம் மாதம் சர்க்கரை நோய் வந்து முப்பதாம் மாதம் இறந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டு விளைவில் அவர் 'சர்க்கரை நோய்' என்று ஒருமுறை எண்ணப்படுவார். மரண வரிசையிலும் அவர் இருந்தாக வேண்டும். முதல் நிகழ்வுக் கோப்பிலிருந்து மரணத்தை எண்ணினால் அவர் உயிரோடு இருப்பதாகவே கணக்கு காட்டும்.

இதற்கு முன்தேவை ஒன்று உண்டு. முதல் நிகழ்வுக்குப் பிறகும் ஆய்வு அந்த நபரைத் தொடர்ந்திருக்க வேண்டும். "நிகழ்வு வந்துவிட்டது, இனிப் பார்க்க வேண்டியதில்லை" என்று நிறுத்திய ஆய்வில் பின்னர் எந்த நிரலாலும் இதைச் சரிசெய்ய முடியாது. புரோட்டோகால் எழுதும்போதே தொடர் கண்காணிப்பைச் சேர்க்க வேண்டும்.

ஆர் மென்பொருளில் இப்படி அமைக்கலாம். `t_dm` சர்க்கரை நோய் உறுதியான நாள், `t_death` இறந்த நாள், நிகழாதவர்களுக்கு `NA`. கடைசி ரத்தப் பரிசோதனை நாள் `t_last_dm`, உயிரோடு இருப்பது உறுதியான கடைசி நாள் `t_last_vital`.

```r
d$e_death    <- as.integer(!is.na(d$t_death))
d$time_death <- ifelse(d$e_death == 1, d$t_death, d$t_last_vital)

d$first     <- pmin(d$t_dm, d$t_death, na.rm = TRUE)
d$e_comp    <- as.integer(!is.na(d$first))
d$time_comp <- ifelse(d$e_comp == 1, d$first, d$t_last_dm)

d$type <- ifelse(d$e_comp == 0, "none",
          ifelse(!is.na(d$t_dm), "dm", "death"))
```

இரண்டு கடைசி நாட்கள் ஏன்? தொலைபேசியில் அழைத்து ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். சர்க்கரை நோய் வந்ததா என்று அப்படித் தெரிந்துகொள்ள முடியாது. மரணப் பகுப்பாய்வு அந்த அழைப்பு நாள் வரை போகலாம். நிகழ்வு எதுவும் வராதவருக்குக் கூட்டு விளைவு கடைசி ரத்தப் பரிசோதனையோடு நின்றுவிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே தேதியைப் போடுவது நிறையப் பேர் செய்யும் தவறு. அப்படிச் செய்தால், பரிசோதிக்கப்படாத மாதங்கள் எல்லாம் நோயில்லாத மாதங்களாகக் கணக்கில் ஏறிவிடும்.

## 4. முதல் அட்டவணை: கூட்டு விளைவு எதனால் ஆனது?

இப்போது `table(d$arm, d$type)` ஓட்டுங்கள். கூட்டு விளைவில் எண்ணப்பட்ட ஒவ்வொருவரும் எந்தக் கூறின் வழியாக உள்ளே வந்தார் என்பதை இது காட்டும். ஒருவர் ஒரு கட்டத்தில்தான் விழுவார். ஆகவே இந்த அட்டவணையின் கூறுகளைக் கூட்டினால் கூட்டு விளைவின் எண் அப்படியே வர வேண்டும்.

ட்ரீம் எண்களில் இதைப் போட்டுப் பார்ப்போம். சர்க்கரை நோய் வந்தவர்கள் மருந்துக் குழுவில் 280, பிளாசிபோவில் 658. இறந்தவர்கள் 30, 33. கூட்டு விளைவு 306, 686. இறந்த பிறகு சர்க்கரை நோய் வர வழியில்லை என்பதால் 280 பேரும் 658 பேரும் அந்த வழியாகவே கூடைக்குள் வந்தவர்கள். மீதி 306−280=26, 686−658=28 பேர் நோய் வராமலே இறந்தவர்கள்.

| முதலில் வந்த நிகழ்வு | ரோசிக்ளிட்டசோன் | பிளாசிபோ |
|---|---|---|
| சர்க்கரை நோய் | 280 | 658 |
| மரணம் | 26 | 28 |
| கூட்டு விளைவு | 306 | 686 |

இரு குழுக்களையும் சேர்த்தால் 992 நிகழ்வுகளில் 938 சர்க்கரை நோய். சுமார் 95%. இந்த ஒரு எண்ணைக் கட்டுரையின் முடிவுகள் பகுதியில் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். 0.40 என்ற விகிதம் எதைப் பற்றிப் பேசுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது.

ஆனால் இந்த அட்டவணையை வைத்து மரணத்தின் மீது மருந்தின் விளைவு என்ன என்று சொல்லக் கூடாது. பிளாசிபோ குழுவில் சர்க்கரை நோய் முந்திக்கொண்டதால், பின்னால் வந்த சில மரணங்கள் இங்கே மறைந்துபோயின. ஒரு கூறு எவ்வளவு அடிக்கடி முந்துகிறதோ, அவ்வளவுக்கு மற்றக் கூறுகள் குறைவாகத் தெரியும். அந்த மறைப்பு இரு குழுக்களிலும் ஒரே அளவில் இருக்காது.

## 5. இரண்டாம் அட்டவணை: ஒவ்வொரு கூறும் தன்னளவில்

இங்கே ஒவ்வொரு கூறுக்கும் ஒரு தனிக் கேள்வி: ஆய்வுக் காலம் முழுவதிலும் இது எத்தனை பேருக்கு வந்தது, வேறு எது முன்னால் வந்திருந்தாலும் சரி?

```r
library(survival)
coxph(Surv(time_comp,  e_comp)       ~ arm, data = d)
coxph(Surv(time_comp,  type == "dm") ~ arm, data = d)
coxph(Surv(time_death, e_death)      ~ arm, data = d)
```

மூன்றாவது வரி `time_death` எடுப்பதைக் கவனியுங்கள். அங்கே `type == "death"` என்று போட்டால் 30 பேருக்குப் பதில் 26 பேர் வருவார்கள். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது.

| விளைவு | ரோசிக்ளிட்டசோன் (2635) | பிளாசிபோ (2634) | ஹசார்ட் விகிதம் (95% இடைவெளி) |
|---|---|---|---|
| கூட்டு விளைவு | 306 (11.6%) | 686 (26.0%) | 0.40 (0.35–0.46) |
| எக்காரணத்தாலும் மரணம் | 30 (1.1%) | 33 (1.3%) | 0.91 (0.55–1.49) |
| சர்க்கரை நோய் | 280 (10.6%) | 658 (25.0%) | 0.38 (0.33–0.44) |

வரிசையில் மரணத்தை மேலே வைத்ததற்குக் காரணம் உண்டு. எண்ணிக்கையின்படி அடுக்கினால் பெரிய எண்ணும் நல்ல விகிதமும் கொண்ட கூறு மேலே வந்து, கண் அங்கேயே நின்றுவிடும். நோயாளிக்கு எது கடுமையோ அதன்படி அடுக்குங்கள்.

மரண வரிசையின் இடைவெளியைச் சொற்களில் ஒருமுறை எழுதிவிடுங்கள்: 45% குறைவு முதல் 49% கூடுதல் வரை எதுவும் இந்தத் தரவோடு பொருந்தும். "மரணத்தில் வேறுபாடு இல்லை" என்று எழுதுவது பிழை. வேறுபாடு இருக்கிறதா என்று சொல்ல 63 மரணங்கள் போதவில்லை, அவ்வளவுதான்.

கூறுகளுக்குப் பி-மதிப்பு போடலாமா? கூறுகளை இன்ன வரிசையில் சோதிப்போம், மொத்தப் பிழை வாய்ப்பை 5%-க்குள் இப்படிக் கட்டுப்படுத்துவோம் என்று புள்ளியியல் திட்டத்தில் முன்பே எழுதியிருந்தால் போடுங்கள். இல்லையென்றால் விகிதமும் இடைவெளியும் மட்டும் போதும், அடியில் "பல சோதனைகளுக்காகத் திருத்தப்படவில்லை" என்று ஒரு குறிப்போடு. ஐந்து கூறுகளில் ஒன்று 0.04 என்று வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு சுருக்கத்தில் எழுதும் ஆசையை இந்தக் குறிப்பு கொஞ்சம் அடக்கும்.

வரைபடம் போடுவதானால் கூறுகளுக்குக் கப்லான்–மேயர் கோட்டைத் தலைகீழாகப் போடாதீர்கள். மரணத்தைச் சென்சார் செய்து சர்க்கரை நோய்க்கு அந்தக் கோட்டை வரைந்தால், இறந்தவர்களுக்கும் பின்னால் நோய் வரலாம் என்ற கற்பனையில் அது உண்மையைவிட மேலே போகும். மரணம் 1% உள்ள இடத்தில் இது கண்ணுக்கே தெரியாது. முதியவர்களிடமோ புற்றுநோயாளிகளிடமோ நடந்த ஆய்வில் பெரிதாகத் தெரியும். திரள் நிகழ்வு வீதத்தை இப்படி எடுக்கலாம்:

```r
survfit(Surv(time_comp,
        factor(type, levels = c("none", "dm", "death"))) ~ arm,
        data = d)
```

## 6. இரண்டு அட்டவணைகளும் ஒத்துப்போகிறதா என்று கணக்குப் போடுங்கள்

இரண்டாம் அட்டவணையின் கூறுகளைக் கூட்டினால் கூட்டு விளைவைவிட அதிகமாக வரும், வர வேண்டும். ட்ரீமில் மருந்துக் குழுவில் 280+30=310, கூட்டு விளைவு 306. பிளாசிபோவில் 658+33=691, கூட்டு விளைவு 686. மிகுதியான 4 பேரும் 5 பேரும் சர்க்கரை நோய் வந்தபின் இறந்தவர்கள்.

இரண்டே கூறுகள் இருக்கும்போது மிகுதி என்பது இரண்டு நிகழ்வும் வந்த ஆட்களின் எண்ணிக்கை. மூன்று கூறுகள் இருந்தால் மூன்றும் வந்தவர் இருமுறை மிகுவார்; அப்போது மிகுதியை ஆட்களாக எண்ணிவிடாதீர்கள்.

இந்தச் சரிபார்ப்பு பல பிழைகளைப் பிடிக்கும். மிகுதி சுழியமாக வந்தால், கூறுகளுக்கும் முதல் நிகழ்வுக் கோப்பையே பயன்படுத்தியிருக்கிறீர்கள். மிகுதி எதிர்மறையாக வந்தால், கூடைக்குள் உள்ள ஏதோ ஒரு கூறு அட்டவணையில் விடுபட்டிருக்கிறது, அல்லது சரிபார்ப்புக் குழு தள்ளிய நிகழ்வுகள் கூட்டு விளைவில் நுழைந்திருக்கின்றன.

மிகுதிக்கான காரணத்தை அட்டவணையின் அடிக்குறிப்பில் எழுதுங்கள்: "ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்வுகள் வந்திருக்கலாம், எனவே கூறுகளின் கூட்டுத்தொகை கூட்டு விளைவைவிட அதிகம்." அட்டவணையின் கடைசியில் 'மொத்தம்' என்று ஒரு வரி போட்டு 310, 691 என்று எழுதுவோரும் உண்டு. அந்த வரியை அடித்துவிடுங்கள். ஆட்களையும் நிகழ்வுகளையும் கலந்த எண் அது.

## 7. ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று மாற்றுங்கள்

விகிதங்கள் மட்டும் இருந்தால் 0.38-உம் 0.91-உம் பக்கத்துப் பக்கத்தில் ஒரே எடையோடு நிற்கும். அவற்றின் பின்னால் உள்ள ஆட்களின் எண்ணிக்கை வெகுவாக வேறுபடும். வேறுபாட்டைக் கணக்கிட்டு 95% இடைவெளியோடு தாருங்கள்.

மூன்று ஆண்டுகளில் ஆயிரம் பேருக்கு:

- கூட்டு விளைவு: 144 பேர் குறைவு (124 முதல் 165 வரை குறைவு)
- சர்க்கரை நோய்: 144 பேர் குறைவு (123 முதல் 164 வரை குறைவு)
- மரணம்: ஏறக்குறைய 1 பேர் குறைவு (7 பேர் குறைவு முதல் 5 பேர் கூடுதல் வரை)

கூட்டு விளைவின் 144-உம் சர்க்கரை நோயின் 144-உம் ஒன்றாக இருப்பதைப் பார்த்தாலே போதும். கூடையின் பலன் எங்கிருந்து வந்தது என்று விளக்கத் தேவையில்லை. இந்த எண்கள் நேரடி விழுக்காடுகளிலிருந்து எளிய சூத்திரத்தில் வந்தவை. கண்காணிப்புக் காலம் ஆளுக்கு ஆள் மிகவும் மாறுபடும் ஆய்வில், குறிப்பிட்ட ஆண்டில் உள்ள திரள் வீதத்திலிருந்து எடுங்கள். எந்த ஆண்டு என்பதையும் எழுதுங்கள்.

"எத்தனை பேருக்குக் கொடுத்தால் ஒருவர் தப்புவார்" என்ற எண்ணைக் கூட்டு விளைவுக்குத் தருவதைத் தவிர்த்துவிடலாம் என்பது என் கருத்து. ட்ரீமில் அது 7. "ஏழு பேருக்குக் கொடுத்தால் ஒருவரைச் சர்க்கரை நோயிலிருந்தோ மரணத்திலிருந்தோ காப்பாற்றலாம்" என்று எழுதிய கணத்தில், இதுவரை பிரித்துக் காட்டியதெல்லாம் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

## 8. கூறுகள் எதிரெதிர்த் திசையில் போனால்

ட்ரீமில் ஒரு கூறு பேசியது, மற்றது மௌனமாக இருந்தது. சில ஆய்வுகளில் கூறுகள் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கும். 2002-இல் வெளியான 'லைஃப்' ஆய்வைப் பாருங்கள். உயர் ரத்த அழுத்தமும் இடது இதயக் கீழறைத் தடிப்பும் உள்ள 9193 பேரில் லோசார்ட்டனையும் அட்டெனலாலையும் ஒப்பிட்டது.

| விளைவு | லோசார்ட்டன் (4605) | அட்டெனலால் (4588) | ஹசார்ட் விகிதம் (95% இடைவெளி) |
|---|---|---|---|
| கூட்டு விளைவு | 508 | 588 | 0.87 (0.77–0.98) |
| இதய ரத்தநாள மரணம் | 204 | 234 | 0.89 (0.73–1.07) |
| பக்கவாதம் (மொத்தம்) | 232 | 309 | 0.75 (0.63–0.89) |
| மாரடைப்பு (மொத்தம்) | 198 | 188 | 1.07 (0.88–1.31) |

கூட்டு விளைவில் 80 பேர் குறைவு. பக்கவாதத்தில் மட்டும் 77 பேர் குறைவு. மாரடைப்பில் 10 பேர் அதிகம், ஆனால் இடைவெளி 1-ன் இரு பக்கமும் பரவியிருக்கிறது. இங்கே "லோசார்ட்டன் மரணம், பக்கவாதம், மாரடைப்பு ஆகியவற்றைக் குறைத்தது" என்று எழுதினால் மூன்றில் ஒன்று நேரடியாகத் தவறு, இன்னொன்று நிறுவப்படாதது.

மாரடைப்பு கூடியது என்றும் எழுத முடியாது. தரவு அதையும் சொல்லவில்லை. எழுதக்கூடியது இது: "கூட்டு விளைவில் கண்ட வேறுபாடு பெரும்பாலும் பக்கவாதத்திலிருந்து வந்தது, மாரடைப்பில் குறைவு காணப்படவில்லை." திசை மாறிய கூறின் எண்ணைச் சுருக்கத்திலும் தாருங்கள். அட்டவணையில் இருக்கிறதே என்று விட்டுவிட்டால், சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்பவர் அதைக் காணவே மாட்டார்.

மிகுதியையும் ஒரு பார்வை பாருங்கள்: 204+232+198=634, கூட்டு விளைவு 508. வித்தியாசம் 126. ட்ரீமின் 4-உடன் ஒப்பிட்டால் பெரிதாகத் தெரியும், ஆனால் இது பிழையில்லை. பக்கவாதத்தால் இறந்தவர் பக்கவாத வரிசையிலும் மரண வரிசையிலும் இருக்கிறார். மொத்தப் பக்கவாதம் என்று நேர்மையாக எண்ணியதன் விளைவு இது.

கூறுகளிடையே விளைவு மாறுபடுகிறதா என்று ஒரு சோதனை போட்டு, பி-மதிப்பு 0.05-க்கு மேல் வந்தால் "எல்லாக் கூறுகளிலும் விளைவு ஒன்றே" என்று முடித்துவிடுவது புதியவர்களிடம் அடிக்கடி காணும் தவறு. நிகழ்வு குறைந்த கூறில் அந்தச் சோதனைக்குப் பிடிக்கும் வலு கிடையாது. இடைவெளிகளைக் காட்டிவிட்டு வாசகரைத் தீர்மானிக்க விடுங்கள்.

## 9. கூடைக்கு வெளியே இருப்பதைப் பக்கத்தில் வையுங்கள்

கூட்டு விளைவில் சேராத தீங்கு பல பக்கங்கள் தள்ளி, பக்கவிளைவு அட்டவணையில் போய் ஒளிந்துகொள்ளும். ட்ரீமில் இதயச் செயலிழப்பு மருந்துக் குழுவில் 14 பேருக்கு வந்தது, பிளாசிபோவில் 2 பேருக்கு. அந்த எண் முதன்மை விளைவில் சேராதது. இந்த மருந்துக் குடும்பம் உடலில் நீரைத் தேக்கும் என்பதால் இது எதிர்பாராததும் இல்லை. ஆய்வுக் குழு அதைக் கட்டுரைச் சுருக்கத்திலேயே எழுதியது. அப்படித்தான் எழுத வேண்டும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது: கூறுகளின் அட்டவணைக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, "கூட்டு விளைவில் சேராத முக்கிய நிகழ்வுகள்" என்று தலைப்பிட்டு, நோயாளிக்குக் கூறுகள் அளவுக்கே முக்கியமான தீங்குகளை அதே வடிவில், அதே குழு எண்ணிக்கைகளோடு தாருங்கள். எவற்றைச் சேர்ப்பது என்பதைப் புரோட்டோகாலிலேயே பட்டியலிட்டுவிட்டால் பின்னர் பொறுக்கி எடுத்ததாக யாரும் குறை சொல்ல முடியாது. எண் சிறியதாக இருக்கும்போது விழுக்காட்டை மட்டும் தராதீர்கள்: 0.5%, 0.1% என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுமில்லாததுபோல் இருக்கும்; 14-க்கு 2 என்றால் கண் நிற்கும்.

## 10. வாக்கியங்களைக் கடைசியில் எழுதுங்கள்

அட்டவணைகள் முடியும் முன் சுருக்கத்தை எழுதத் தொடங்கினால், கூட்டு விளைவின் பெயரே எழுவாயாக அமர்ந்துவிடும். பிறகு அதைக் கிளப்புவது கடினம். வரிசை இப்படி இருக்கட்டும்: இரண்டு அட்டவணைகள், பிறகு முடிவுகள் பகுதி, பிறகு சுருக்கம், கடைசியில் தலைப்பு.

சுருக்கத்தில் கூட்டு விளைவின் எண்ணுக்கு அடுத்த வாக்கியமே கூறுகளின் எண்களாக இருக்க வேண்டும். இடம் இல்லை என்று சொல்வார்கள். ட்ரீமுக்கு இப்படி எழுதினால் இடம் போதும்:

"கூட்டு விளைவு (சர்க்கரை நோய் அல்லது மரணம்) மருந்துக் குழுவில் 306 பேருக்கும் (11.6%), பிளாசிபோவில் 686 பேருக்கும் (26.0%) நிகழ்ந்தது, ஹசார்ட் விகிதம் 0.40 (0.35–0.46). சர்க்கரை நோய் 280-க்கு 658 (0.38, 0.33–0.44), மரணம் 30-க்கு 33 (0.91, 0.55–1.49). இதயச் செயலிழப்பு 14-க்கு 2."

முடிவுரை வாக்கியத்தில் எந்தக் கூறுக்குச் சான்று இருக்கிறதோ அதை மட்டும் எழுவாயாக வையுங்கள். ட்ரீம் கட்டுரையின் முடிவுரையும் சர்க்கரை நோயைக் குறைத்தது என்றுதான் சொன்னது, மரணத்தைச் சேர்க்கவில்லை. கூட்டு விளைவையே சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் 'அல்லது' என்ற சொல்லை விடாதீர்கள்; காற்புள்ளி வைத்து அடுக்கி 'ஆகியவற்றைக் குறைத்தது' என்று முடித்தால் ஒவ்வொன்றும் குறைந்தது என்ற பொருள் வந்துவிடும். 'பெரும் பாதிப்புகள்', 'முக்கிய நிகழ்வுகள்' போன்ற பொதுப்பெயர்களும் இதே வேலையைச் செய்யும். அந்தப் பெயருக்குள் பரிசோதனைக் கூடத்தில் கண்ட ரத்தச் சர்க்கரை அளவும் சாவும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்.

எழுதியதை ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுத்து, சுருக்கத்தை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரே கேள்வி: "இந்த மருந்து சாவைக் குறைத்ததா?" ட்ரீமைப் படித்தவர் "தெரியவில்லை" என்று சொன்னால் அனுப்பலாம். "ஆமாம்" என்றால் சுருக்கத்தின் இரண்டாம் வாக்கியத்திற்குத் திரும்பிப் போங்கள். பிழை அநேகமாக அங்கேதான் இருக்கும்.